ஆயா சொன்ன கதைக்கு ஐந்து நிமிடம்

எங்கள் தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் கீழ்வீட்டு ஆயா ஒருநாள் சாயங்காலம் பேரப் பிள்ளைகளுக்குக் கொழுக்கட்டைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி, செல்போனில் பதிவு செய்தேன். 11 நிமிடம் 20 வினாடி வந்தது. அதை ஐந்து நிமிட அனிமேஷன் படமாக எடுக்கலாம் என்று மூன்று பேர் முடிவு செய்தோம். ஒருவர் வரைவார், ஒருவர் எடிட்டிங் பார்ப்பார், ஸ்கிரிப்ட் என் தலையில் விழுந்தது.

அனிமேஷனுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது என்றால் என்ன என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆயா பேசியதை அப்படியே தாளில் இறக்கி, நடுநடுவே 'மருமகன் நடக்கிறான்' என்று சேர்த்தால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். அது ஸ்கிரிப்ட் இல்லை, வானொலி நாடகம். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதை இந்த ஒரு கதையை வைத்தே சொல்கிறேன்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். மாமியார் வீட்டுக்குப் போன மருமகன் கொழுக்கட்டை சாப்பிடுகிறான். ருசி பிடித்துப்போகிறது. வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியைச் செய்யச் சொல்லலாம், பேர் மறந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் 'கொழுக்கட்டை, கொழுக்கட்டை' என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். வழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. 'அத்திரிபாச்சா' என்று தாண்டுகிறான். தாண்டியதும் கொழுக்கட்டை மறந்து அத்திரிபாச்சா வாயில் ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து அத்திரிபாச்சா செய்து கொடு என்கிறான். அவள் முழிக்கிறாள், இவன் அடிக்கிறான். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, ஐயோ முகம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே என்கிறாள். ஆங், அதுதான், கொழுக்கட்டை என்று குதிக்கிறான் மருமகன். வீட்டுக்கு வீடு சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். எங்கள் ஆயாவின் கதையில் மாமியார் வீடு திருவொற்றியூர், மருமகன் வீடு காசிமேடு.

முதலில் நேரம். ஐந்து நிமிடம் என்பது 300 வினாடி. கொருக்குப்பேட்டை கேட்டில் ரயிலுக்காக நின்று பழகியவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. வரைகிறவருக்கு நிலைமை வேறு. ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்தால் 7,200 ஃபிரேம். கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள். அப்படியும் 3,600 ஓவியம். ஆகவே ஸ்கிரிப்டில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவரின் ஒரு நாளோ ஒரு வாரமோ இருக்கிறது. 'கல்யாண ஊர்வலம் போகிறது' என்று நான்கு விநாடியில் எழுதிவிடலாம். வரைகிறவர் உங்களோடு பேசுவதை நிறுத்திவிடுவார்.

நாங்கள் நேரத்தை இப்படிப் பிரித்தோம். தலைப்புக்கு 10 வினாடி, கடைசியில் பெயர்களுக்கு 15. மீதி 275. அதில் ஆயாவும் பிள்ளைகளும் வரும் தொடக்கத்துக்கு 35, முடிவுக்கு 40. நடுவில் 200 வினாடி, கதை.

அடுத்து, அந்த நேரத்துக்குள் எத்தனை வார்த்தை. ஆயாவின் பதிவை உட்கார்ந்து எழுதி எண்ணினேன். சுமார் 930 வார்த்தை. சிரிப்பு, இருமல், மூச்சு வாங்குவதையெல்லாம் கழித்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 90 வார்த்தை பேசுகிறார். வேகமாகப் பேசும் ஊர் எங்களுடையது, ஆனால் கதை என்று வந்தால் ஆயாக்கள் நிதானமாகிவிடுகிறார்கள். 275 வினாடியும் பேசிக்கொண்டே இருந்தால் படத்துக்கு இடமே இல்லை. பத்தில் ஆறு பங்கு பேச்சு, நான்கு பங்கு சும்மா இருப்பது என்று வைத்தோம். 165 வினாடி பேச்சு என்றால் சுமார் 250 வார்த்தை. மருமகன் முணுமுணுக்கும் கொழுக்கட்டையை இதில் சேர்க்கவில்லை, அது நடையோடு போகிற தாளம்.

930 வார்த்தை 250 ஆக வேண்டும். இங்கேதான் புதிதாக எழுதுகிறவர்கள் தப்பான இடத்தில் கத்தியை வைக்கிறார்கள். நானும் வைத்தேன்.

பதிவில் ஆயா கொழுக்கட்டை என்ற சொல்லை நடைக் காட்சியில் மட்டும் 23 தடவை சொல்லியிருந்தார். ஒரே சொல் எதற்கு இத்தனை தடவை என்று நான் முதலில் வெட்டியது அதைத்தான். மூன்று தடவை வைத்தேன். எழுதியதை எங்கள் டியூஷன் பிள்ளைகளிடம் படித்துக் காட்டினேன். அவன் அத்திரிபாச்சா என்று தாண்டியபோது யாரும் பதறவில்லை. ஏன் என்று யோசித்தால் காரணம் எளிது. கேட்கிற பிள்ளையின் வாயிலும் கொழுக்கட்டை ஏறியிருந்தால்தான் அவன் மறந்தது அதற்கு உறைக்கும். வாய்வழிக் கதையில் திரும்பத் திரும்ப வருவது அலங்காரம் இல்லை, அதுதான் கதையின் இயந்திரம். 200 வினாடியில் 45 வினாடியை நடைக்கே கொடுத்தோம். கதையின் வேறெந்தப் பகுதிக்கும், வீட்டுச் சண்டையைத் தவிர, அத்தனை நேரம் இல்லை.

இன்னொரு லாபமும் இருந்தது. நடை என்பது அனிமேஷனில் மலிவான சரக்கு. வழக்கமான நடைக்கு ஓர் அடிக்கு 12 ஃபிரேம், இரண்டு அடிக்கு 24 ஃபிரேம், அதாவது ஒரு வினாடி. அந்த ஒரு வினாடியை ஒருமுறை வரைந்துவிட்டால் அதையே சுழற்றிச் சுழற்றி ஓட்டலாம், பின்னால் தெரு மட்டும் நகரும். வலது காலுக்கு 'கொழுக்', இடது காலுக்கு 'கட்டை' என்று ஸ்கிரிப்டிலேயே எழுதிவிட்டேன். ஒரு சொல்லுக்கு ஒரு வினாடி. வரைகிறவர் அதைப் படித்துவிட்டு, இப்போதுதான் ஸ்கிரிப்ட் மாதிரி இருக்கிறது என்றார்.

ஆனால் 45 வினாடி ஒரே மாதிரி நடந்தால் தூக்கம் வரும். அதனால் வழியில் இரண்டு தடங்கல் வைத்தோம். சைக்கிளில் வருகிறவர் "மணி இன்னாப்பா?" என்று கேட்கிறார். இவன் "கொழுக்கட்டை" என்கிறான். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போகிறார். அடுத்து ஒரு நாய் துரத்துகிறது. நடை ஓட்டமாகிறது, சொல்லும் வேகமாகிறது, ஆனாலும் விடவில்லை. இரண்டு கண்டத்தில் தப்பித்தவன் மூன்றாவதில் மாட்டுவான் என்பது நம் கதைகளுக்குப் பழைய பழக்கம். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும், அதனால்தான் தண்ணீரைப் பார்த்ததுமே சிரிக்கத் தயாராகிறார்கள்.

இனி, அனிமேஷன் ஸ்கிரிப்ட் தாளில் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். சாதாரண சினிமாவில் ஒரு பக்கம் என்றால் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். இங்கே அது உதவாது. நாங்கள் தாளை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் படம், வலது பக்கம் ஒலி, ஓரத்தில் நேரம் என்று எழுதினோம். தாண்டும் காட்சியின் கடைசி வடிவத்தை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தருகிறேன்.

2:05
படம்: ரோட்டை அடைத்து மழைத்தண்ணீர். மருமகன் நிற்கிறான். வேட்டியை மடித்துக் கட்டுகிறான்.
ஒலி: நடைச் சத்தம் நிற்கிறது. "கொழுக்கட்டை... கொழுக்கட்டை..."

2:11
படம்: பின்னாலேயே நாலடி போகிறான். ஓடி வருகிறான்.
ஒலி: "கொழுக்கட்டை கொழுக்கட்டை கொழுக்..."

2:15
படம்: அந்தரத்தில் மருமகன். வேட்டி குடை மாதிரி விரிகிறது.
ஒலி: "அத்திரி..."

2:17
படம்: மறுபக்கம் இரண்டு காலும் ஊன்றுகிறது.
ஒலி: "பாச்சா!"

2:18
படம்: அப்படியே நிற்கிறான். அசைவே இல்லை.
ஒலி: ஒன்றும் இல்லை. ஆயாவும் பேசவில்லை. கடைசியில் பேரன் குரல் மட்டும்: "ஐயோ!"

2:23
படம்: நடக்க ஆரம்பிக்கிறான். அதே நடை.
ஒலி: "அத்திரி, பாச்சா. அத்திரி, பாச்சா."

இதன் முதல் வடிவத்தில் 2:18க்கு நேராக ஆயாவின் வரி ஒன்று இருந்தது. "அந்தாண்ட தாவுனானா, கொழுக்கட்டைய மறந்துட்டான்." ஆயா பதிவில் சொன்னது அப்படித்தான், அங்கே அது வேண்டும், ஏனென்றால் அங்கே படம் இல்லை. படத்தில் அவன் முகம் இருக்கிறது. முகம் காட்டுவதை வாயும் சொன்னால் பார்க்கிறவருக்கு இரண்டில் ஒன்று வீண். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் ஸ்கிரிப்டில் பாதி வேலை முடிந்தது என்பேன். படம் சொல்வதை ஆயா சொல்லக் கூடாது. ஆயா சொல்வதைப் படம் காட்டத் தேவையில்லை. அவன் மனசுக்குள் என்ன நினைத்தான், திருவொற்றியூரிலிருந்து காசிமேடு எத்தனை தூரம், மாமியார் எப்பேர்ப்பட்ட கை ராசிக்காரி என்பதெல்லாம் ஆயா சொல்ல வேண்டியவை. தாண்டினான், விழித்தான், முழித்தான் என்பதெல்லாம் படத்துக்கு.

அந்த ஐந்து வினாடி மௌனத்தைப் பார்த்து எடிட்டிங் செய்கிறவர் பயந்தார். 120 ஃபிரேம் ஒரே ஓவியமா, படம் நின்றுபோச்சு என்று நினைக்க மாட்டார்களா என்றார். வேட்டி நுனி மட்டும் லேசாக ஆடட்டும் என்று சமாதானம் ஆனோம். படத்தில் பிள்ளைகள் அதிகம் சிரிக்கிற இடமும், வரைவதற்கு மிகக் குறைந்த உழைப்பு தேவைப்பட்ட இடமும் அதுதான். தண்ணீர் அப்படி இல்லை. தண்ணீர் தெறிப்பதை வரைவது பெரிய வேலை. அதனால்தான் அவன் தண்ணீருக்குள் விழவில்லை, சுத்தமாகத் தாண்டிவிடுகிறான். தண்ணீரும் ஒரு நீலத் திட்டு, அதன்மேல் கோலக் கோடு மாதிரி நாலு வளைவு, அவ்வளவே.

சரி, ஆயாவுக்கும் பிள்ளைகளுக்கும் வருவோம். பாட்டி கதை சொல்கிற மாதிரி எடுக்கும் படங்களில், முதலில் பாட்டி ஒருமுறை வருவார், கடைசியில் 'அதனால் பிள்ளைகளே' என்று ஒருமுறை வருவார், நடுவில் யார் சொன்னாலும் ஒன்றுதான் என்ற மாதிரி குரல் ஓடும். அப்படியானால் பாட்டி எதற்கு? நம் வீடுகளில் கதை தனியாளாகச் சொல்லப்படுவது இல்லை. எதிரில் இருப்பவர் ம் கொட்ட வேண்டும். ம் நின்றால் ஆயா நிறுத்தி, "தூங்கிட்டியா?" என்பார். ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு இந்த ம் பெரிய வசதி. கதையில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவ வேண்டுமா, ஒரு ம் போதும். "மாமியார் வூட்ல நல்லா துன்னான்." "ம்." "கெளம்பிட்டான்." இரண்டு வரிக்கு நடுவில் ஒரு ராத்திரியே போய்விட்டது, யாரும் கேள்வி கேட்கவில்லை.

ம்முக்கு மேலே ஒரு படி, பிள்ளைகளின் கேள்வி. நடைக் காட்சியில் பேத்தி கேட்கிறாள்: "ஆயா, அவன் செருப்பு போட்டுகினு இருந்தானா?" நடந்துகொண்டிருக்கும் மருமகன் அப்படியே நின்று தன் வெறுங்காலைக் குனிந்து பார்க்கிறான். ஆயா யோசித்து, "ம்ம், போட்டுகினுதான் இருந்தான்" என்கிறார். டப்பென்று இரண்டு காலிலும் செருப்பு. மறுபடி நடை. இதை நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் செய்யலாம்தான், ஆனால் இவ்வளவு சுலபமாக வராது. கதைக்குள் இருக்கிறவனுக்குச் சொல்கிறவரின் குரல் கேட்கிறது என்பதை அனிமேஷன் ஒரு வினாடியில் நம்ப வைத்துவிடும். இப்படி ஒன்று இருந்தாலே ஆயா படத்தில் இருப்பதற்கு அர்த்தம் வந்துவிடுகிறது. நாங்கள் மூன்று எழுதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். மூன்றும் இருந்தபோது அது கதையாக இல்லாமல் வித்தையாகத் தெரிந்தது.

பதிவு செய்த அன்று ஆயாவைச் சுற்றி ஐந்து பிள்ளைகள். படத்தில் இரண்டுதான். ஐந்து பேரை வரைவது கஷ்டம் என்பது ஒரு காரணம். ஐந்து பேருக்கும் தனித்தனி வேலை கொடுக்க முடியாது என்பது இன்னொன்று. சின்னவன் ம் கொட்டுவான், பதறுவான், பசி தாங்காமல் தவிப்பான். பெரியவள் நம்ப மாட்டாள், குறுக்குக் கேள்வி கேட்பாள். இந்த இரண்டு குணம் போதும்.

ஆயா இந்தக் கதையை ஏன் இப்போது சொல்கிறார் என்பதற்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. முதல் வரைவில் கரண்ட் போகிறது, மொட்டை மாடியில் எல்லோரும் உட்காருகிறார்கள், நிலா. எல்லாரும் எழுதுவது அது. பிறகு ஆயாவின் அடுப்பைப் பார்த்தேன். இட்லி குண்டானில் கொழுக்கட்டை வேகிறது. வேகும்வரை பிள்ளைகளைச் சும்மா உட்கார வைக்க வேண்டும். "நைனா, மூடியத் தொறக்காத. ஆவி போய்டும். கத முடியறதுக்குள்ள வெந்துடும், வா குந்து." தொடக்கத்துக்கு இது போதும். மூடி எப்போது திறக்கும் என்ற ஒரு கேள்வி படம் முழுக்க அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆவி மேலே எழுந்து திருவொற்றியூர் ரோட்டின் மேகமாக மாறுவதாக எழுதினோம், கதைக்குள் போக வேறு சடங்கு எதுவும் இல்லை. ஆயா வீடு கரிய, நீல நிறங்களில், கதை பளிச்சென்ற மஞ்சளும் சிவப்புமாக இருப்பதால் எது எந்த உலகம் என்று குழம்பாது.

இப்போது அந்த அடி. பெண்டாட்டியை அடிக்கும் காட்சியைச் சிறுபிள்ளைகள் பார்க்கும் படத்தில் நகைச்சுவையாக வைக்க எங்கள் மூவருக்கும் மனம் வரவில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் கதை நொண்டும். வீக்கம் இல்லாமல் கொழுக்கட்டை என்ற சொல் திரும்பி வராதே. இப்படிச் சிக்கினால் அந்தச் சம்பவம் கதையில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே தேவைப்படுவது ஒரு வீக்கம், அதைப் பார்த்து ஒருவர் சொல்லும் உவமை. யார் தலை வீங்க வேண்டும் என்பதைக் கதை கேட்கவில்லை. அப்படியானால் அவன் தலையே வீங்கட்டும். அத்திரிபாச்சா கிடைக்காத கோபத்தில் விருட்டென்று எழுந்து வெளியே போகிறான், தாழ்ந்த நிலைப்படியில் இடித்துக்கொள்கிறான். பெண்டாட்டிதான் சொல்கிறாள்: "ஐய, நெத்தி கொழுக்கட்ட மாதிரி வீங்கிப்போச்சே!" பக்கத்து வீட்டுக்காரி தேவைப்படவில்லை, வரைய ஓர் ஆள் குறைவு.

ஆயாவிடம் சொன்னபோது முதலில் முகத்தைச் சுளித்தார். கதைய மாத்தினா அது வேற கதை என்றார். மீனை ஆய்ந்துகொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், பிறகு அவராகவே, "கோவத்துல எழுந்தா நெலப்படி எங்க தெரியப்போவுது" என்றார். அந்த வரியை அப்படியே ஸ்கிரிப்டில் வைத்துவிட்டேன்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. நிலைப்படி கடைசி நிமிடத்தில் திடீரென்று முளைத்தால், கதை எழுதியவர் கொண்டுவந்து வைத்தது என்று பிள்ளைகளுக்கே தெரியும். அதனால் அவன் வீட்டுக்குள் வரும்போதே, 2:45ல், பழக்கமாகக் குனிந்து நுழைகிறான். ஒரே ஒரு வினாடி, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கோபத்தில் போகும்போது குனிய மறக்கிறான். வழியில் சொல்லை மறந்தவன் வீட்டில் வாசலை மறக்கிறான். மாற்றிய பிறகு கதை இன்னும் கெட்டியானதாகவே எனக்குப் படுகிறது. ஆயா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஸ்கிரிப்ட் எழுதியதும் வரையத் தொடங்கக் கூடாது. குரலை முதலில் பதிவு செய்ய வேண்டும். ஆயாவின் வாய் அசைவும், எந்த வார்த்தையில் எத்தனை ஃபிரேம் இழுக்கிறார் என்பதும் குரலில்தான் இருக்கிறது. வரைந்த பிறகு குரல் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். கதைக்குள் போனபின் ஆயாவின் முகம் தெரியாது, குரல் மட்டும் என்பதால் அங்கே உதட்டசைவுத் தொல்லை இல்லை. மருமகன், மாமியார், பெண்டாட்டி எல்லோருக்கும் தனித்தனிக் குரல் தேடவும் இல்லை. ஆயா கதை சொல்லும்போது அவரேதானே எல்லோருமாகவும் பேசுகிறார். ஆம்பளைக் குரலில் ஆயா சொல்லும் "அத்திரிபாச்சா"வை எந்த நடிகரும் சொல்லிவிட முடியாது.

நான் செய்த பெரிய தப்பு, 250 வார்த்தையையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஆயா கையில் கொடுத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்தி வாசிப்பது போல வாசித்தார். 'சொல்லிக்கொண்டே' என்று நான் எழுதியிருந்ததை அப்படியே உச்சரித்தார், பாவம். தாளைத் தூக்கிப் போட்டோம். எதிரில் பேரனை உட்கார வைத்து, கதையை ஏழு துண்டாகப் பிரித்து, இந்தத் துண்டில் இதுவரை சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னோம். "சொல்லிகினே போறான், போறான், போய்கினே கீறான்" என்று வந்தது. ஒவ்வொரு துண்டையும் மூன்று நான்கு தடவை பதிவு செய்து, வார்த்தை குறைவாக வந்ததை எடுத்துக்கொண்டோம். எழுதும்போதே பேச்சுத் தமிழில் எழுதுங்கள், ஆனால் சினிமாவில் கேட்கும் மெட்ராஸ் பாஷையைப் போட்டு நிரப்பாதீர்கள். எங்கள் ஆயாக்கள் யாரும் வரிக்கு வரி கஸ்மாலம் என்பதில்லை.

பதிவுக்கு எங்கள் பக்கத்தில் நல்ல நேரம் விடியற்காலை. கன்டெய்னர் லாரி சத்தம் முழுசாக ஓயாது, குறையும். மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து, ஃபேனை நிறுத்திவிட வேண்டும். ஃபேன் இரைச்சல் அப்போது காதில் விழாது, ஹெட்போனில் கேட்டால் எல்லா வார்த்தைக்கும் கீழே உறுமிக்கொண்டிருக்கும்.

குரல் கைக்கு வந்ததும் ஸ்டோரிபோர்டு. ஒவ்வொரு காட்சிக்கும் பென்சிலில் ஒரு கிறுக்கல் போதும். அவற்றை செல்போனில் படமெடுத்து, குரலுக்குக் கீழே வரிசையாக வைத்து ஓட்டினால் அதற்குப் பெயர் அனிமேட்டிக். அசையாத படங்களால் ஆன முழுப் படம் அது. தப்பெல்லாம் தெரிவது இந்தக் கட்டத்தில்தான், திருத்தச் செலவில்லாததும் இந்தக் கட்டம்தான்.

எங்கள் முதல் அனிமேட்டிக் 6 நிமிடம் 50 வினாடி வந்தது. 110 வினாடி அதிகம். எங்கே வீங்கியிருக்கிறது என்று திட்டத்தோடு வைத்துப் பார்த்தோம். 35 வினாடி இருக்க வேண்டிய தொடக்கம் 80 ஆகியிருந்தது. மாமியார் வீட்டுச் சாப்பாடு 35க்குப் பதில் 60. பெண்டாட்டியோடு நடக்கும் பேச்சு 50க்குப் பதில் 90. நடையும் தாண்டலும் சொன்ன நேரத்தில் சரியாக இருந்தன.

தொடக்கத்தில் பிள்ளைகள் ஓடி வருவது, ஆயா ஒவ்வொருவராக விசாரிப்பது எல்லாம் போனது. பேரனின் கை மூடியைத் தொடுகிறது, ஆயா தட்டிவிடுகிறார், அங்கேயே படம் தொடங்குகிறது. சாப்பாட்டுக் காட்சியில் மாமியாரின் உபசாரம் பற்றி ஆயா சொன்னதை எடுத்துவிட்டு, தட்டில் கொழுக்கட்டை இரண்டு, எட்டு, ஒன்றுமில்லை என்று மூன்று படம் வைத்தோம். வீட்டில் பெண்டாட்டி அவன் கேட்பது எது என்று தெரியாமல் ஐந்து பலகாரம் கொண்டுவந்து காட்டினாள். ஆப்பமும் இடியாப்பமும் போய், புட்டு, பணியாரம், அதிரசம் மட்டும் நின்றன. அதிரசத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 'அதிரசமா?' என்றதும் அத்திரி மாதிரி காதில் விழுந்து அவன் அரை மனதாகத் தலையை ஆட்டுகிறான், பிறகு ஒரு கடி கடித்துவிட்டு இல்லை என்கிறான்.

அனிமேட்டிக்கைச் சோதிக்க இரண்டு வழி வைத்திருந்தோம். சத்தத்தை நிறுத்திவிட்டுக் கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுவது ஒன்று. எல்லாம் புரிய வேண்டாம், யாரோ எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறான் என்றாவது புரிய வேண்டும். இரண்டாவது, படத்தைத் துணியால் மூடிவிட்டுக் குரலை மட்டும் கேட்க வைப்பது. கதை முழுக்கப் புரிந்துவிட்டால் ஆயா இன்னும் அதிகம் பேசுகிறார் என்று அர்த்தம். எங்களுடையதில் இரண்டாவது சோதனையில் தாண்டல் இடத்தில் மட்டும் "இப்ப இன்னா ஆச்சு?" என்று கேட்டார்கள். அது நல்ல செய்தி.

கடைசி 40 வினாடிதான் நீண்ட நாள் எழுதாமல் கிடந்தது. கதை முடிந்துவிட்டது, மூடி திறக்கிறது, பிள்ளைகள் தின்கிறார்கள், அப்புறம்? ஆயா புத்தி சொல்லும் வரி ஒன்றை எழுதி எழுதி அடித்தேன். பழைய பதிவை மறுபடி கடைசிவரை ஓடவிட்டபோது, கதை முடிந்து நான் நிறுத்த மறந்திருந்த பகுதியில் விடை இருந்தது. ஆயா பேரனிடம், "நைனா, அம்மாவ கூப்டு, ரெடின்னு சொல்லு" என்கிறார். அவன் வாசற்படியைத் தாண்டி வெளியே ஓடும் சத்தம் கேட்கிறது. பிறகு தூரத்திலிருந்து அவன் குரல்.

4:36
படம்: பேரன் வாசற்படியை இரண்டு காலாலும் தாண்டுகிறான். பேத்தி நெற்றியில் அடித்துக்கொள்கிறாள்.
ஒலி: "யம்மோவ்! அத்திரிபாச்சா ரெடி!"

4:40
படம்: திறந்த குண்டான். ஆவி.
ஒலி: ஆயா சிரிப்பு, இருமல்.